முதல் லாபமும் சூட்டுப் பெட்டியும்

என் கொழுந்தனுக்கு மூன்று பெண்கள், கடைசியில் ஒரு பையன். மூத்தவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். இளையவள் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறாள். நான் சொல்ல வந்தது நடுவில் பிறந்தவளைப் பற்றி. முறைக்கு எனக்கு மகள், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். கடைத்தெருவில் அவளைக் ‘காயில் அக்கா’ என்று சொன்னால்தான் தெரியும். அவளைவிடப் பத்து வயது மூத்த டயர்க்கடைக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், சுற்றியவள் அவள். வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். “எத்தனை சுத்து?” என்று அவள் வீட்டுக்காரர் கேட்டால், நிமிர்ந்து பார்க்காமலே “முப்பத்தாறு” என்பாள். அவர் பேருந்து ஓட்டுகிறவர், நல்ல மனிதர். எதையும் சிரித்தே கடந்துவிடுவார்.

அவளிடம் வேலை பழகிய ஒருத்தியைக் கம்பெனியில் அவளுக்கு மேலே உட்கார வைத்தார்கள். இவள் சண்டை போடவில்லை. அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் வாசல் வரைக்கும் வந்தாராம். “வெளில போயி நாலு மாசம் பாரும்மா. முடியலன்னா வெக்கப்படாம வா. புதுசா சேர்ற பொண்ணுங்களோட உன்னையும் சேத்துக்கறேன்” என்றாராம். பதினான்கு வருடம் உழைத்தவளைப் பார்த்துப் புதுசாகச் சேர்கிறவளோடு சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

டயர்க்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான அறை காலியாக இருந்தது. அதில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டாள். கூடப் பிறந்த தம்பியைச் சேர்த்துக்கொண்டாள். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கிணற்றிலும் தொட்டியிலும் இருக்கிற தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவருவதும், சரியானதும் திரும்ப மாட்டிவிட்டு வருவதும் அவன் பொறுப்பு. உள்ளே உட்கார்ந்து கட்டுவது இவள் பொறுப்பு. ஒரு பெண்பிள்ளை மோட்டார் கட்டுகிறாளே என்று முதலில் எட்டிப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வேலை எப்படி என்று எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுருளெல்லாம் கருகிவிடும். அதை வெட்டி எடுக்கும்போது எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே அளவில் புதுக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் உட்சுவரில் இருக்கிற குழியில் இறக்க வேண்டும். கடைசியில் வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். வார்னிஷ் உள்ளே வரை இறுகினால்தான் கம்பி ஆடாது, ஈரம் ஏறாது. வெயில் இருந்தால் கடை வாசலில் தகரத்தின் மேல் வைத்துவிடுவாள். வெயில் இல்லாவிட்டால் மோட்டாருக்குள் இருநூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடுவாள். சின்னக் கடைகள் எல்லாம் அப்படித்தான் செய்தன.

கடை திறந்தது கோடையின் தொடக்கத்தில். தண்ணீர் கீழே போகப் போக மோட்டார்கள் ராப்பகலாக ஓடின, ஓடியவையெல்லாம் எரிந்தன. கடை வாசலில் மோட்டார்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. ஐந்து மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காசு போட்டு வைக்கிற பெரிய தகர டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து எங்கள் எல்லார் முன்னாலும் பாயில் கவிழ்த்தாள். எண்ணினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்தது.

தம்பி ஒரு விசில் அடித்தான். “அக்கா, செயின் புல்லி வாங்கிரலாம். முக்காலியோட. ஆழக் கிணத்து மோட்டார தூக்க ஒவ்வொரு வாட்டியும் வாடகைக்கு எடுத்து எடுத்து என் முதுகுதான் தேயுது.”

“உன் முதுகு தேயறது புல்லி இல்லாம இல்லடா, படுத்துப் படுத்து” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“நீங்க உக்காந்துக்கிட்டே சம்பாதிக்கிற ஆளு மாமா, உங்களுக்கென்ன?”

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. நடுவளின் வீட்டுக்காரருடைய அக்கா அவள். இருபது வருடமாக ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அடுத்தவர் பணத்தையே அத்தனை வருடம் எண்ணியதில் கண் கூர்மையாகிவிட்டது. “எதுக்கு இத லாபம்னு சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“பின்ன என்ன அண்ணி? டப்பால இருக்கே.”

“இருக்கறதெல்லாம் உன்னுதா? முன்பணம் குடுத்துட்டு மோட்டார இன்னும் எடுக்காதவங்க எத்தனை பேரு?”

பன்னிரண்டாயிரம் அப்படி வந்தது. அதைத் தனியாகத் தள்ளினார்கள்.

“கம்பிக் கடையில பாக்கி?”

இருபத்தெட்டாயிரம். அதையும் தள்ளினார்கள். தம்பியின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“உன் சம்பளம் எங்க?”

நடுவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. “என் கடைல எனக்கென்ன சம்பளம் அண்ணி?”

“உன் தம்பிக்கு மாசாமாசம் குடுக்கறல்ல? நாளைக்கு நீ காய்ச்சல்ல படுத்தா, உன் இடத்துல ஒருத்திய உக்கார வெச்சா சும்மாவா வருவா? மாசம் பன்னெண்டாயிரமாவது போடு. அஞ்சு மாசம். என் தம்பி சம்பளத்துல சாப்புட்டுக்கிட்டு, அத லாபம்னு சொல்லிக்கிட்டு திரியாத.”

கொஞ்சம் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் நடுவள் அறுபதாயிரத்தை எடுத்து மூன்றாவது குவியலாக வைத்தாள். பாயில் மிஞ்சியது எண்பதாயிரம்.

“இதுதான் லாபம்” என்றாள் நாத்தனார். “இத தொடாத. கடை வாடகை, தம்பி சம்பளம், கரண்டு எல்லாம் சேத்து மாசம் இருபத்தஞ்சாயிரம் வேணும்ல? மூணு மாசத்துக்கு அப்படியே வரும். மழை வரப்போகுது. மழையில யாரு மோட்டார் ஓட்டுவா?”

“அண்ணி சொன்னா மழைகூட பயந்துக்கிட்டு தள்ளிப் போயிரும்” என்றான் தம்பி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பிக்கடைக்காரர் தானே நடந்து கடைக்கு வந்தார். பாக்கி இருபத்தெட்டாயிரத்தையும் இவள் முழுதாக அடைத்துவிட்டதில் மனிதர் குளிர்ந்துபோயிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, செம்பு விலை ஏறுது. அடுத்த மாசம் இந்த விலைக்குக் கெடைக்காது. உனக்குன்னு சொல்றேன், நூறு கிலோ எடுத்துப் போட்ரு. எண்பதாயிரம் குடு, மீதிய மெதுவா குடு. கம்பி என்ன அழுகியா போகப்போவுது?”

அவர் பொய் சொல்லவில்லை. விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கோடையில் இரண்டு முறை, வேண்டிய தடிமனில் கம்பி கையில் இல்லாமல் வந்த மோட்டாரை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். திருப்பி அனுப்பியதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சுவர் முழுக்கக் கம்பி உருளைகள் பளபளவென்று தொங்குகிற கடையை அவள் கம்பெனியில் இருந்தபோதிருந்தே மனத்தில் கட்டி வைத்திருந்தாள். “வெள்ளிக்கிழமை எடை போட்டு வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நல்லதம்மா என்றுதான் நானும் சொன்னேன். எனக்கென்ன தெரியும்.

வியாழக்கிழமை மதியம் தம்பி ஒரு மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பொத்தென்று இறக்கினான். அவள் கட்டிக் கொடுத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் மோட்டார். காலையிலிருந்து அங்கே மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, குடத்தில் சுமக்கிறார்கள். மேலாளர் அம்மா இவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

“அக்கா, அந்தம்மா சொல்லிருச்சு. சாயங்காலத்துக்குள்ள வேற மோட்டாராவது மாட்டணுமாம். இன்னொரு வாட்டி இப்படி ஆனா அஞ்சு மோட்டாரும் வேற கடைக்குப் போயிருமாம்.”

ஐந்து மோட்டார் என்றால் சின்ன விஷயமில்லை. அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துத்தான் பக்கத்துப் பள்ளிக்கூடமும் இவளிடம் வந்தது. ஒன்று போனால் இரண்டும் போகும்.

கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய மோட்டாரைத் துடைத்து, அப்போதைக்கு மாட்டிவிட்டு வரச் சொல்லித் தம்பியை அனுப்பினாள். பிறகு வந்ததைக் கழற்றினாள். கம்பி சரி, சுற்று சரி. ஆனால் குழிக்குள் விரலை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே காய்ந்த வார்னிஷ் உள்ளே காயவேயில்லை. ஆடிய கம்பி ஒன்றோடொன்று உரசி, பூச்சு தேய்ந்து எரிந்திருக்கிறது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் சுற்றும் தடிமனும் குறித்து வைக்கிற நோட்டை எடுத்தாள். கம்பெனியில் இருந்தபோது பழகிய பழக்கத்தில், எப்படிக் காய வைத்தேன் என்றும் ஓரத்தில் ஒரு சொல் எழுதுவாள். வெயில் அல்லது பல்பு. எழுதினாளே தவிர, அதுவரை அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தையற்கடையில் சாக்குக்கட்டி வாங்கி, திரும்பி வந்த மோட்டார்களின் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போனாள். ஐந்து மாதத்தில் ஏழு மோட்டார் திரும்பி வந்திருந்தது. ஒன்று வெயிலில் காய்ந்தது. மின்சாரம் ஏறி இறங்குகிற வீட்டில் மாட்டியது அது. மற்ற ஆறும் பல்பு. மொத்தம் எத்தனை பல்பு என்று எண்ணினாள். பதினேழு. வெயிலில் காய்ந்தவையோ நூற்றிருபதுக்கு மேல்.

பதினேழில் ஆறு.

தம்பி திரும்பி வந்தபோது அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

“என்னக்கா?”

“மழை வந்தா வெயில் ஏதுடா? வர்றது எல்லாத்தையும் பல்புலதான காய வெப்போம்?”

“ஆமா.”

“அப்ப மூணுல ஒண்ணு திரும்பி வரும். நூறு கிலோ கம்பிய வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? ஒரே மோட்டார ரெண்டு ரெண்டு வாட்டி கட்டுவேன். ரெண்டாவது வாட்டி சும்மா கட்டுவேன்.”

வெள்ளிக்கிழமை கம்பிக்கடைக்குப் போனாள். எடை போட்டுக் கட்டி வைத்திருந்த கம்பியைப் பார்த்தாள். தினமும் செலவாகிற இரண்டு தடிமனில் மட்டும் எப்போதும் போல ஒவ்வோர் உருளை எடுத்துக்கொண்டாள். அவர் முகம் தொங்கிப்போனது.

“வாக்கு குடுத்துட்டு மாறலாமா தங்கச்சி?”

“தப்புதான்ண்ணே. ஆனா உங்க கம்பியச் சுத்தி திரும்பி வந்தா உங்க கம்பிக்கும்தானே கெட்ட பேரு?”

“பேசக் கத்துக்கிட்ட. விலை ஏறினப்புறம் எங்கிட்ட வந்து அழாத.”

“விலை ஏறினா கட்டற கூலியையும் ஏத்துவேன்ண்ணே. வாங்கறவங்க குடுப்பாங்க. திரும்பி வந்த மோட்டாருக்கு யாரு குடுப்பா?”

கம்பெனியில் வார்னிஷ் காய வைக்க அறை மாதிரி பெரிய சூட்டுப் பெட்டி இருந்தது. புதிதாக வாங்க விசாரித்தால் சின்னதே தொண்ணூறாயிரம் சொன்னார்கள். தெருக்கோடியில் இரும்புப் பீரோவும் கதவும் அடிக்கிற வெல்டிங்காரர் ஒருவர் உண்டு. அவரிடம் போய்த் தரையில் சாக்குக்கட்டியால் படம் போட்டாள். இரட்டைத் தகரச் சுவர், நடுவில் சூடு வெளியே போகாமல் கண்ணாடிப் பஞ்சு, கீழே சூடேற்றும் கம்பிச் சுருள், வேண்டிய சூடு வந்ததும் தானாக அணைந்து, குறைந்ததும் தானாக எரிகிற ஒரு கருவி. எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் என்று பேசி முடித்தாள். தம்பிக்கு மனசே இல்லை.

“புல்லி கேட்டா இல்ல. பீரோ மட்டும் வாங்குற.”

“புல்லி இல்லன்னா வாடகைக்குக் கெடைக்குது. இது எங்கடா வாடகைக்குக் கெடைக்கும்?”

வெல்டிங்காரர் பெட்டியை அழகாக, ஒரு இடைவெளி இல்லாமல் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேல ஓட்டை எங்கண்ணே?” என்றாள்.

“ஓட்டையா? சூடு போகக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டேன்!”

“வார்னிஷ் புகை போக வழி வேணும்ண்ணே. உள்ளயே தேங்குனா பெட்டி பத்திக்கும். நானும் கூடவே போயிருவேன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு, மேலே ஒரு குழாய் வைத்துச் சுவர் வழியாக வெளியே விட்டுக் கொடுத்தார். ஊற்றிய வார்னிஷ் சொட்டுச் சொட்டாக வடிந்து முடிந்த பிறகே மோட்டாரை உள்ளே வைப்பாள். எட்டு மணி நேரம் சூட்டில் இருக்கும். வெளியே எடுத்தால் விரல் நகத்தால் சுரண்டினாலும் வார்னிஷ் வராது. முதலில் உள்ளே போனது அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி மோட்டார்தான். அதற்குக் கூலி வாங்கவில்லை.

எண்பதில் முப்பது பெட்டிக்குப் போனது. மீதி ஐம்பதாயிரத்தைத் தொடாமல் டப்பாவில் வைத்தாள். அது இரண்டு மாதத்துக்கான வாடகையும் தம்பி சம்பளமும் கரண்டும். மூன்று மாதமாவது வேண்டும் என்று நாத்தனார் முணுமுணுத்தாள். தன் சம்பளம் அறுபதை நடுவள் வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். “இது உன் கணக்குலயே இருக்கட்டும்” என்று வங்கியில் அவள் பெயரில் போட்டுவிட்டு வந்தார்.

மழை வந்தது. நாத்தனார் சொன்னது மாதிரியே வாசலில் மோட்டார் வரிசை காணாமல் போனது. முதல் மாதம் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்கப் பதினேழாயிரம் குறைந்தது. இரண்டாவது மாதம் இருபத்தோராயிரம் குறைந்தது. டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தன் சம்பளத்தையும் சேர்த்துத்தான் எடுத்தாள், அதில் நாத்தனார் கண்டிப்பு. டப்பாவில் பன்னிரண்டாயிரம் மிஞ்சியது. கம்பி விலையும் கம்பிக்கடைக்காரர் சொன்னபடியே ஏறியிருந்தது. உருளை வாங்கப் போனபோதெல்லாம், “அன்னிக்கே சொன்னேன்” என்று அவர் சொல்லிக் காட்டினார். அந்த நாட்களில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் மறைக்கப்போவதில்லை. சாப்பாட்டில் கை அளைந்துகொண்டே இருக்கும். தம்பிகூடக் கேலி பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்திலும் ஒரு மோட்டார்கூடத் திரும்பி வரவில்லை.

மூன்றாவது மாதம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளமெல்லாம் தண்ணீர். அங்கே இருந்த மோட்டார்கள் மூழ்கிப்போயின. அவற்றில் பல எரியவில்லை, நனைந்துதான் இருந்தன. கம்பி மாற்றத் தேவையில்லை. சேற்றைக் கழுவி, உள்ளே இருக்கிற ஈரத்தை முழுதாகப் போக்கி, மின்சாரம் கசிகிறதா என்று கருவி வைத்துப் பார்த்து, துருப்பிடித்த பேரிங்கை மாற்றினால் போதும். ஆனால் ஈரத்தைப் போக்க வெயில் எங்கே இருக்கிறது? மற்றக் கடைகளில் பல்பைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள். வாரம் ஆகும் என்றார்கள். இவள் ஒரே நாளில் தருகிறேன் என்றாள்.

முதல் நாள் நான்கு வந்தது. மறுநாள் பதினொன்று. இந்தப் பெட்டி மழைக்கு இப்படி ஓர் உழைப்பு உழைக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பி வருவதை நிறுத்தத்தான் அதை வாங்கினாள். அடுத்த தெருவில் இருபது வருடமாகக் காயில் கட்டுகிற பெரியவர் தன் கடைக்கு வந்த மூன்று மோட்டாரை வண்டியில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“உன் பெட்டியில கொஞ்சம் எடம் இருக்குமாம்மா? வாடகை சொல்லு, குடுத்துர்றேன்.”

“உள்ள வாங்கண்ணே. மொதல்ல டீ குடிங்க” என்றாள்.

நான் அன்றைக்குக் கடையில்தான் இருந்தேன். அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. என் கொழுந்தன் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவரிடம் போய் வரி விடாமல் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தார்.

அந்த மாதம் முடிந்து கணக்குப் பார்த்தபோது நாத்தனாரும் வந்திருந்தாள். சம்பளம், வாடகை எல்லாம் ஒதுக்கியபின் பாயில் நல்ல குவியல் மிஞ்சியது. நடுவள் முதலில் முப்பத்தெட்டாயிரத்தை எண்ணி டப்பாவுக்குள் போட்டாள். ஐம்பது நிறைந்தது. கையை எடுக்காமல் யோசித்தாள். இன்னொரு இருபத்தைந்தைப் போட்டு மூடினாள்.

நாத்தனார் வெற்றிலை போட்டவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மிச்சப் பணம் பாயில் கிடந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, சுவத்துல என்ன தெரியுது?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லயே.”

“செயின் புல்லி என்ன வெலைன்னு விசாரிச்சு வெச்சிருப்பியே. சொல்லு.”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒன்றல்ல, மூன்று கடைகளின் விலைச் சீட்டை எடுத்துப் பாயில் விரித்தான். நாத்தனார் மூன்றையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே இருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.